முப்பத்தாறே கால் மணி நேரம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வாக்கில் என் போனுக்கு ஒரு படம் வரும். அட்டையில் செருகிய கோடு போட்ட தாள் ஒன்று, பேனாவில் எழுதிய பத்துப் பன்னிரண்டு வரிகள், அடியில் ஒரு மொத்தம். அந்தத் தாளிலிருந்துதான் மூன்று பேருக்குப் பில் போட வேண்டும்.

கோவையில் ஒரு சிறிய கணக்கெழுதும் அலுவலகம் நடத்துகிறேன். மாதாமாதம் வரும் கணக்குக்கு மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வோம். தேங்கிக் கிடக்கும் பழைய கணக்கை எழுதித் தருவது, ஸ்டாக்கை எண்ணிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தருவது போன்ற வேலைகளுக்கு மட்டும் மணிக்கணக்கில் கூலி. அதற்கு எங்கள் உதவியாளர் பெண் வாடிக்கையாளர் இடத்துக்கே போய் உட்கார்ந்து வேலை செய்வார். எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்று தாளில் குறிப்பார். வாரக் கடைசியில் அதைப் படம் எடுத்து அனுப்புவார்.

2025 ஜூலை 7 முதல் 12 வரையிலான வாரத்துத் தாளை இங்கே பிரித்து வைக்கிறேன். அந்த வாரம் மூன்று இடங்களில் வேலை: ஒரு பம்ப் பட்டறை, ஒரு பாத்திரக்கடை, ஒரு ஜவுளிக்கடை. தாளின் அடியில் மொத்தம் 34.45 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். நான் கூட்டிப் பார்த்து முடித்தபோது வந்தது 36 மணி 15 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி தெரிந்துவிடும்.

படம் சரியாக இருந்தால் பாதிச் சண்டை இல்லை

தாளை மேசையில் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் தூரத்து ஓரத்தில் வரிகள் நெருங்கி, ஒரு வரியின் எண் அடுத்த வரியின் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நான்கு மூலையும் படத்துக்குள் இருக்க வேண்டும். மூலை வெட்டுப்பட்ட படத்தில் கடைசி வரி ஒன்று விடுபட்டிருக்கிறதா என்று சொல்ல வழியே இல்லை. ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும். தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் போன் பிடித்திருக்கும் கையின் நிழலே தாளில் விழுந்து, பென்சில் எழுத்தை மறைத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வந்து சேரும். பெரிதாக்கிப் பார்க்கும்போது 3-க்கும் 8-க்கும் உள்ள இடைவெளி மங்கிவிடும். அதே படத்தை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே வரும். எங்கள் அலுவலகத்தில் இது கட்டாயம்.

படத்திலிருந்து எழுத்தைத் தானாக எடுத்துத் தரும் வசதி இப்போது போனிலேயே இருக்கிறது. அச்சடித்த தாளுக்கு அது நன்றாக உதவும். கையெழுத்தும் கட்டங்களும் கலந்த தாளில் எண்களைக் கட்டம் மாற்றிக் கொட்டிவிடும். காலியாக விட்ட இடத்தை விழுங்கிவிட்டு அடுத்த எண்ணை அங்கே இழுத்து வைக்கும். எது சந்தேகமான எழுத்து என்றும் பெரும்பாலும் சொல்லாது. பதினோரு வரிக்கு நான் கண்ணால் பார்த்தே எழுதிக்கொள்கிறேன்.

முதலில் பார்த்து எழுதுவது, பிறகுதான் கணக்கு

படத்தைத் திறந்ததும் கூட்ட ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. கூட்டும்போது மனம் எண்ணைத் திருத்திக்கொண்டே போகும். இங்கே 7 என்று இருப்பது 1 ஆகத்தான் இருக்கும் என்று நாமே முடிவு செய்துவிட்டு, முடிவு செய்ததையும் மறந்துவிடுவோம். அதனால் முதல் சுற்றில் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் வரி வரியாகப் பார்த்து எழுதுகிறேன். புரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். தப்பாகத் தெரிவதையும் தப்பாகவே எழுதிக்கொள்வேன்.

அந்த வாரத் தாள் முதல் சுற்றில் இப்படி வந்தது:

| வரி | நாள் | யாருக்கு | ஆரம்பம் | முடிவு | மணி |
|---|---|---|---|---|---|
| 1 | 7 திங்கள் | ப | 9.30 | 1.15 | 3.45 |
| 2 | 7 | ப | 2.00 | 5.30 | 3.30 |
| 3 | 8 செவ்வாய் | பா | 10.00 | 1.00 | 3.00 |
| 4 | 8 | ப | 2.00 | 4.40 | 2.40 |
| 5 | 9 புதன் | ஜ | 9.30 | 1.30 | 4.00 |
| 6 | 9 | ஜ | 2.15 | 5.25 | 3.40 |
| 7 | 10 வியாழன் | ப? பா? | 10.00 | 12.50 | 2.50 |
| 8 | 10 | ஆபீஸ் | 2.00 | 5.00 | 3.00 |
| 9 | 11 வெள்ளி | ப | 9.30 | 1.20? 7.20? | 3.50 |
| 10 | 11 | ஜ | 2.30 | 5.20 | 2.50 |
| 11 | 12 சனி | பா | 10.00 | 1.40 | 3.40 |

இரண்டு இடத்தில் கேள்விக்குறி. ஒன்பதாம் வரியில் முடிவு நேரம் 1.20 போலவும் தெரிகிறது, 7.20 போலவும் தெரிகிறது. ஏழாம் வரியில் ‘ப’ வுக்குப் பக்கத்தில் ஒரு கீற்று இருக்கிறது. அது காலா, பேனா வழுக்கியதா என்று தெரியவில்லை.

ஒன்பதாம் வரிக்குப் பதில் தாளிலேயே இருக்கிறது. மணி என்ற கட்டத்தில் 3.50 என்று எழுதியிருக்கிறார். 9.30 முதல் 1.20 வரை என்றால் மூன்று மணி ஐம்பது நிமிடம் சரியாக வருகிறது. 7.20 என்றால் ஒன்பது மணி ஐம்பது நிமிடம் வர வேண்டும். போதாததற்கு, அடுத்த வரியில் அன்றைக்கே 2.30-க்கு ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஆக, அது 1.20 தான். ஆரம்பம், முடிவு, மணி என்று மூன்றையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். மூன்றில் ஒன்று மங்கினால் மற்ற இரண்டும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஏழாம் வரிக்கு அப்படி ஒரு சாட்சி தாளில் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

புள்ளியில் ஒளிந்திருக்கும் நாற்பது நிமிடம்

நம் ஊரில் மூன்றே முக்கால் மணி நேரத்தை 3.45 என்று எழுதுவதுதான் பழக்கம். படிக்கிறவருக்கு அது புரியும். கால்குலேட்டருக்குப் புரியாது. அதற்குப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது நூறில் நாற்பத்தைந்து. நேரத்திலோ அது அறுபதில் நாற்பத்தைந்து.

எங்கள் உதவியாளர் மணி என்ற கட்டத்தில் இருந்த பதினோரு எண்களையும் கால்குலேட்டரில் தட்டிக் கூட்டியிருக்கிறார். 34.45 வந்திருக்கிறது. தாளில் உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொண்டு, மணியைத் தனியாகவும் நிமிடத்தைத் தனியாகவும் கூட்டிப் பாருங்கள். முழு மணிகள் 31. நிமிடங்கள் மொத்தம் 345. 345 நிமிடம் என்பது 5 மணி 45 நிமிடம். ஆக மொத்தம் 36 மணி 45 நிமிடம். கால்குலேட்டரோ அந்த 345-ஐ 3.45 என்று எடுத்துக்கொண்டது. அறுபது நிமிடம் சேர்ந்ததும் ஒரு மணி ஆக வேண்டியது, நூறு சேர்ந்த பிறகுதான் ஒரு மணி ஆயிற்று. ஒவ்வொரு முறை அப்படி ஏறும்போதும் நாற்பது நிமிடம் காணாமல் போகும். இந்தத் தாளில் மூன்று முறை ஏறியிருக்கிறது. மூன்று நாற்பது நூற்றிருபது. சரியாக இரண்டு மணி நேரம் போய்விட்டது.

இந்தத் தவறு கண்ணில் படாது. 34.45 என்பது 34 மணி 45 நிமிடம் போலவே தெரிகிறது, ஒரு வாரத்துக்குப் பொருத்தமான எண்ணாகவும் இருக்கிறது. 34.85 என்று வந்திருந்தால் எண்பத்தைந்து நிமிடம் ஏது என்று உடனே பிடிபட்டிருக்கும். புள்ளிக்குப் பின்னால் 59-க்குள் ஓர் எண் வந்து உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் தாளின் அடியில் இருக்கும் மொத்தத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

என் வழி எளிது. ஒவ்வொரு வரியையும் நிமிடமாக மாற்றிவிடுவேன். 3 மணி 45 நிமிடம் என்றால் 225. நிமிடத்தைக் கூட்டுவதில் புள்ளியே கிடையாது, தவறவும் இடமில்லை. கடைசியில் ஒரே ஒரு முறை 60-ஆல் வகுத்தால் போதும்.

எக்செல்லில் போடுகிறவர்களுக்கு இங்கே மூன்று பள்ளங்கள் உண்டு. நேரத்தை 9.30 என்று புள்ளி வைத்து அடித்தால் அது நேரம் ஆகாது, வெறும் ஒன்பதே மூன்று பத்தாக நிற்கும். 9:30 என்று அடிக்க வேண்டும். மதியம் ஒன்றே காலை 1:15 என்று அடித்தால் அது நள்ளிரவு தாண்டிய ஒன்றே கால். 13:15 என்று அடிக்க வேண்டும். மூன்றாவது, நேரக் கட்டங்களைக் கூட்டினால் 24 மணியைத் தாண்டியதும் மறுபடி பூச்சியத்திலிருந்து காட்டும். 36:15 இருக்க வேண்டிய இடத்தில் 12:15 நிற்கும். கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால் சரியாகத் தெரியும். நான் நிமிடமாகவே வைத்துக்கொள்வதால் அந்தத் தொல்லை வருவதில்லை. C-யில் ஆரம்பம், D-யில் முடிவு இருந்தால் இது போதும்:

```
=ROUND((D2-C2)*1440,0)
```

எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1. ஒரு நாளில் 1440 நிமிடம். அதனால்தான் அந்தப் பெருக்கல்.

தாளே தாளை மறுக்கும்போது

நிமிடமாக மாற்றிக்கொண்டே வந்தபோது ஆறாம் வரியில் நின்றேன். 2.15 முதல் 5.25 வரை என்றால் மூன்று மணி பத்து நிமிடம், அதாவது 190. தாளில் எழுதியிருப்பதோ 3.40, அதாவது 220. எண்கள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. மங்கல் இல்லை, அடித்தல் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் நாமாக முடிவு செய்யக் கூடாது. முடிவு நேரம் 5.55 ஆக இருந்து, 5.25 என்று தவறி எழுதியிருக்கலாம். அல்லது கழித்ததில் தவறியிருக்கலாம். அரை மணி நேரம் வாடிக்கையாளருக்கு லாபமா, நமக்கு லாபமா என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கணக்கல்ல. எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். அதுவும் அந்த வாரமே கேட்க வேண்டும். மாதம் தாண்டினால் யாருக்கும் நினைவு இருக்காது.

கேட்கிற விதத்திலும் ஒரு கவனம் வேண்டும். “அஞ்சு இருபத்தஞ்சு தானே?” என்று கேட்டால் “ஆமாங்க்கா” என்றுதான் பதில் வரும். அதனால் பதிலைச் சொல்லாமல் கேட்டேன்.

“கண்ணு, புதன்கிழமை ஜவுளிக்கடையிலிருந்து எப்ப கிளம்பினே?”

“அஞ்சரைக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்க்கா. அஞ்சே முக்கால் பஸ்ஸைப் பிடிச்சுட்டேன்.”

5.55-க்கு எழுந்தவர் 5.45 பஸ்ஸில் போக முடியாது. ஆக 5.25 சரி, கழித்ததுதான் தவறு. ஜவுளிக்கடைக்காரர் கணக்கில் ஏறியிருக்க வேண்டிய அரை மணி நேரம் இறங்கியது.

இப்போது ஒன்றரை மணி நேர வித்தியாசத்தின் முழுக் கதை தெரிகிறது. கால்குலேட்டர் இரண்டு மணி நேரத்தைத் தின்றது. கழித்தல் பிழை அரை மணி நேரத்தைக் கூட்டியது. எதிரெதிராகப் போன இரண்டு தவறுகள் ஒன்றையொன்று பாதி மறைத்துக்கொண்டு 34.45 என்ற ஒரே எண்ணாக நின்றன. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.

ஒரு காலில் தொங்கிய ஆயிரத்து நானூறு ரூபாய்

ஏழாம் வரிக்கு வருவோம். வியாழக்கிழமை காலை, 2 மணி 50 நிமிடம். அது ‘ப’ என்றால் பம்ப் பட்டறை, ‘பா’ என்றால் பாத்திரக்கடை.

இந்தத் தவறுதான் எல்லாவற்றிலும் மோசமானது, ஏனென்றால் எந்தக் கூட்டலும் இதைக் காட்டாது. அந்த 170 நிமிடத்தை யார் பேரில் போட்டாலும் வாரத்தின் மொத்தம் அதே 36 மணி 15 நிமிடம்தான். எல்லாம் சரியாக இருப்பதுபோல் கணக்கு முடியும். பம்ப் பட்டறைக்கு மணிக்கு 500 ரூபாய். தவறாக அங்கே ஏற்றியிருந்தால், அவர்களுக்குச் செய்யாத வேலைக்கு 1,416 ரூபாய் 67 காசு பில் போயிருக்கும்.

இங்கே தாளுக்கு வெளியே சாட்சி தேட வேண்டும். அன்றைக்கு எந்தக் கம்பெனியின் டாலியில் பதிவு ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். அங்கிருந்து அனுப்பிய செய்தி ஏதும் போனில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த வியாழக்கிழமை 11.20-க்கு, “எவர்சில்வர் குடம் ஸ்டாக்கில் 14 குறையுது” என்று எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. பம்ப் பட்டறையில் குடம் ஏது? அது ‘பா’ தான். இருந்தாலும் அவரையும் கேட்டு உறுதி செய்துகொண்டு, யாரிடம் எப்போது கேட்டேன் என்று குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்.

அடுத்த வாரத்திலிருந்து சுருக்கெழுத்தை மாற்றிவிட்டோம். பம்ப், பாத்திரம், ஜவுளி என்று முழுச் சொல்லாகவே எழுத வேண்டும். வேகமாக எழுதும்போது ‘பா’ வின் கால் முதலில் தேயும் என்பது தமிழில் எழுதுகிற யாருக்கும் தெரிந்ததுதான். முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இனி ஒவ்வொருவர் பேரிலும் கூட்டலாம். பம்ப் பட்டறைக்கு 1, 2, 4, 9 ஆகிய வரிகள்: 225, 210, 160, 230. மொத்தம் 825 நிமிடம், அதாவது 13 மணி 45 நிமிடம். பாத்திரக்கடைக்கு 3, 7, 11: மொத்தம் 570 நிமிடம், ஒன்பதரை மணி நேரம். ஜவுளிக்கடைக்கு 5, 6, 10: மொத்தம் 600 நிமிடம், பத்து மணி நேரம். ஆபீஸ் வேலை 180 நிமிடம். நான்கையும் கூட்டினால் 2,175. பதினோரு வரிகளைத் தனியே கூட்டினாலும் 2,175. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் எந்த வரியும் விடுபடவில்லை, எந்த வரியும் இரண்டு முறை ஏறவில்லை என்று பொருள். இந்த ஒப்பீடு அதை மட்டும்தான் சொல்லும். ஆள் மாறியிருந்தால் சொல்லாது. அதற்குத்தான் மேலே சொன்ன விசாரணை.

எக்செல்லில் B-யில் பெயரும் F-ல் நிமிடமும் இருந்தால் ஒருவர் கணக்கை எடுக்க இது போதும்:

```
=SUMIF(B:B,"பம்ப்",F:F)
```

உழைத்த நேரமும் பில்லுக்கு உரிய நேரமும்

உழைத்த நேரமெல்லாம் பில்லில் ஏறாது. ஆபீஸில் உட்கார்ந்து எங்கள் சொந்தக் கோப்பை அடுக்கிய மூன்று மணி நேரத்தை யார் தலையிலும் போட முடியாது. அது எங்கள் செலவு. மதிய உணவு நேரம் தாளில் ஏற்கெனவே வெளியே நிற்கிறது, ஏனென்றால் காலையும் மதியமும் தனித்தனி வரிகள். ஒரே வரியாக 9.30 முதல் 5.30 வரை என்று எழுதியிருந்தால் சாப்பாட்டு நேரத்தைக் கேட்டுக் கழிக்க வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்று நான்காம் வரியில் இருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ‘போன வாரம் நாம் மாத்திப் போட்ட என்ட்ரி திருத்தம் 40 நிமி.’ பம்ப் பட்டறையில் செவ்வாய்க்கிழமை இருந்த 160 நிமிடத்தில் 40 நிமிடம் எங்கள் தவறை நாங்களே திருத்தியது. அதற்கு அவர்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வரியில் பில்லுக்கு உரியது 120 நிமிடம்தான். உழைத்த நிமிடத்தை அழிக்காமல், பக்கத்தில் ‘பில் நிமிடம்’ என்று ஒரு தனிக் கட்டம் வைத்து அங்கே 120 என்று எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு 160 நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு, வாடிக்கையாளருக்கு 120 நிமிடத்துக்குத்தான் பில். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் யாராவது ஒருவர் நஷ்டப்படுவார்.

ஆக, பம்ப் பட்டறையின் பில் நேரம் 825-லிருந்து 40 போக 785 நிமிடம். அதாவது 13 மணி 5 நிமிடம்.

தொகைக்கு வரும்போது

785 நிமிடம், மணிக்கு 500 ரூபாய். இதே கணக்கை மூன்று பேர் போட்டால் மூன்று விடை வரும். 13.05-ஐ 500-ஆல் பெருக்குகிறவருக்கு 6,525 ரூபாய். ஐந்து நிமிடத்தை 60-ஆல் வகுத்து 13.08 என்று சுருக்கிக்கொண்டு பெருக்குகிறவருக்கு 6,540 ரூபாய். 785-ஐ 500-ஆல் பெருக்கிக் கடைசியில் 60-ஆல் வகுக்கிறவருக்கு 6,541 ரூபாய் 67 காசு. மூன்றாவதுதான் சரி. முதலாவது பழைய புள்ளிப் பிழை. இரண்டாவதில் வகுத்ததைப் பாதியில் சுருக்கியதால் ஒன்றே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகத் தவறியது. சின்னத் தொகைதான், ஆனால் எதிராளி தன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து வேறு எண் வந்தால் பில் முழுவதையும் சந்தேகப்படுவார்.

பாத்திரக்கடையோடு எங்கள் ஒப்பந்தம் வேறு. அங்கே கால் மணி நேரம்தான் அளவு. வக்கீல் அலுவலகங்கள் பலவற்றில் ஆறு நிமிடத்தை ஓர் அளவாக வைப்பார்கள், ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு என்பதால் கணக்கு எளிது. எந்த அளவை வைத்தாலும் வரிக்கு வரி உயர்த்துவதா, கடைசி மொத்தத்தை மட்டும் உயர்த்துவதா என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பாத்திரக்கடையின் மூன்று வரிகள் 3.00, 2.50, 3.40. ஒவ்வொன்றையும் அடுத்த கால் மணிக்கு உயர்த்தினால் 3, 3, மூன்றே முக்கால், ஆக ஒன்பதே முக்கால் மணி. மொத்தத்தைக் கூட்டிவிட்டுப் பார்த்தால் சரியாக ஒன்பதரை, உயர்த்தவே வேண்டாம். மணிக்கு 400 ரூபாய் என்பதால் வித்தியாசம் 100 ரூபாய். வரிகள் கூடக் கூட இந்த இடைவெளி வளரும். எங்கள் பேச்சு மொத்தத்தை உயர்த்துவது என்பதால் பில் 3,800 ரூபாய். ஜவுளிக்கடைக்குப் பத்து மணி நேரம், மணிக்கு 450, ஆக 4,500 ரூபாய்.

இதற்கு மேல் வரி. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் இந்தச் சேவைக்கு 18 சதவீதம் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் தமிழ்நாட்டிலேயே இருந்தால் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று இரண்டாகப் பிரிப்பது. வேறு மாநிலமென்றால் ஐஜிஎஸ்டி 18. பதிவு இல்லாதவர் இந்த வரியை வசூலிக்கவே கூடாது. பம்ப் பட்டறையின் பில் கடைசியில் இப்படி நின்றது:

| | ரூபாய் |
|---|---|
| பழைய கணக்குப் பதிவு, ஜூலை 7–11, 13 மணி 5 நிமிடம் @ 500 | 6,541.67 |
| சிஜிஎஸ்டி 9% | 588.75 |
| எஸ்ஜிஎஸ்டி 9% | 588.75 |
| ரவுண்ட் ஆஃப் | −0.17 |
| மொத்தம் | 7,719.00 |

மணி நேரத்தை ‘13.08’ என்று பில்லில் எழுதாமல் ‘13 மணி 5 நிமிடம்’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். படிக்கிறவர் தன் நாள்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடிய வடிவம் அதுதான். பில்லுக்கு வரிசை எண் வேண்டும், ஒரு நிதியாண்டில் அது திரும்ப வரக் கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. கணக்கெழுதும் சேவைக்கான குறியீடு 998222. வாடிக்கையாளர் டிடிஎஸ் பிடிக்க வேண்டியவராக இருந்தால், ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டிய பில்லில் 6,541.67 மேல்தான் பிடிப்பார், 7,719 மேல் அல்ல. கைக்கு வருவது குறைந்தாலும் பில் தொகை மாறாது.

கேள்வி வந்தபோது

பில்லோடு ஒரு சிறிய இணைப்பும் அனுப்புகிறேன். பம்ப் பட்டறைக்கு உரிய நான்கு வரிகள் மட்டும்: நாள், ஆரம்பம், முடிவு, பில் நேரம். முழுத் தாளின் படத்தை அனுப்பக் கூடாது. அதில் மற்ற இரண்டு பேரின் விவரமும் இருக்கிறது. படம் எங்கள் கோப்பில், பில் எண்ணையே பெயராக வைத்து இருக்கும்.

மறுநாள் பட்டறை முதலாளி போன் செய்தார்.

“ஏனுங்கம்மா, செவ்வாய்க்கிழமை புள்ள நாலு நாப்பது வரைக்கும் இங்கதானே இருந்துச்சு? ரெண்டு மணி நேரம்தான் போட்டிருக்கீங்க?”

படத்தைத் திறந்து நான்காம் வரிக்குப் போனேன். ஓரத்தில் அந்தச் சின்ன எழுத்து இருந்தது.

“அதுல நாப்பது நிமிஷம் எங்க தப்பைத் திருத்தினதுங்க. அதுக்கு உங்ககிட்ட வாங்கறது முறையில்லைங்க.”

“அப்படிங்களா, சரிங்க” என்று வைத்துவிட்டார். பணம் அந்த வாரமே வந்தது.

பில்லில் உள்ள 13 மணி 5 நிமிடத்தில் எந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிக் கேட்டாலும், அது தாளின் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். மேலே சொன்ன கட்டங்கள், குறிப்புகள், தனியாக வைத்த ‘பில் நிமிடம்’ எல்லாம் அதற்குத்தான். எங்கள் உதவியாளர் இப்போது தாளின் அடியில் மொத்தம் எழுதுவதில்லை. அந்த இடத்தில், அந்த வாரம் எத்தனை வரி எழுதினார் என்ற எண்ணிக்கையை மட்டும் எழுதுகிறார். படத்தைத் திறந்ததும் நான் முதலில் வரிகளைத்தான் எண்ணுகிறேன்.